நீலப் புத்தகத்தோடு திருச்சிக்கு: அகதிப் பயண ஆவணத்தில் ஒரு பயணம்

லண்டனில் தமிழர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். சம்பளத்துக்குச் செய்வதில்லை, சனி ஞாயிறுகளில்தான். அதில் 2025-இல் ஒரு தம்பியின் பயணம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் கண் முன்னே நடந்தது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடைமுறை அப்படியே இருக்கிறது.

தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். 2012-இல் பிரித்தானியா வந்தார், 2014-இல் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார், 2019-இல் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்தது. அம்மாவைப் பார்த்துப் பதின்மூன்று வருடம். அம்மாவுக்கு வயது 77, ஊரிலேயே இருக்கிறார். பெரியக்கா 1990-இல் படகில் போனவர், இப்போது திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார். தம்பி ஊருக்குப் போக முடியாது, அம்மாவால் லண்டன் வரை விமானத்தில் உட்கார்ந்து வர முடியாது. அதனால் நம்மில் பலர் செய்வதைத்தான் இவர்களும் யோசித்தார்கள்: எல்லோரும் திருச்சியில் சந்திப்பது. அம்மா பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வரலாம். தம்பி லண்டனிலிருந்து வரவேண்டும். அவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை.

என்னிடம் வருமுன் அவருக்கு ஒருவர் குறுக்குவழி சொல்லியிருந்தார். "சிறீலங்கா பாஸ்போர்ட் ஒன்று எடுத்துவிடு, இங்கேயே தூதரகத்தில் தருவார்கள், இந்தியாவுக்கு ஈ-விசா சுலபமாகக் கிடைக்கும்." அதோடு, "என்ன அண்ணை, நான் இன்னும் சிறீலங்கன்தானே?" என்று தம்பியும் கேட்டார்.

அந்தக் கேள்வி சரியானது. அகதியாக ஏற்கப்பட்டவர் தன் குடியுரிமையை இழப்பதில்லை. இலங்கைச் சட்டப்படி அவர் இன்னும் இலங்கைக் குடிமகன்தான். ஆனால் அகதி என்றால், அந்த நாட்டின் பாதுகாப்பை நாட முடியாதவர், அல்லது அச்சத்தால் நாட விரும்பாதவர் என்று பொருள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 1C பிரிவு, ஒருவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பித் திரும்பப் பெற்றால் அகதி நிலை முடிவுக்கு வரும் என்கிறது. ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் கைநூல் 121-ஆம் பந்தியில் இதை இன்னும் தெளிவாக்குகிறது: சொந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கினாலோ புதுப்பித்தாலோ, மறுப்பதற்குச் சான்று இல்லாதவரை, அந்த நாட்டின் பாதுகாப்பை நாடியதாகவே கருதப்படும். வாங்கிய கடவுச்சீட்டைப் பயன்படுத்தாமல் அலுமாரியில் வைத்திருந்தாலும் கேள்வி வரும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதோ, விமான நிலையத்தில் யாராவது இரண்டு புத்தகங்களைப் பார்த்தாலோ இது வெளியே வரும்.

இங்கே நம்மவர்கள் வீணாகப் பயப்படுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றின் பிரதியை ஊரிலிருந்து எடுப்பது இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டுக்காரரும் அங்கேதான் கேட்டு வாங்க வேண்டிய பத்திரங்கள் அவை என்று அதே பந்தி சொல்கிறது. தம்பியின் பிறப்புச் சான்றிதழை அம்மாதான் எடுத்து அனுப்பினார். அதனால் எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

சரி, அவருக்கு உரிய புத்தகம் எது? உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, தன் மண்ணில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்கு வெளிநாடு போக ஆவணம் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்திட்ட நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு சார்ந்த வலுவான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அதாவது இது சலுகை இல்லை, உரிமை. கட்டணமும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டின் மிகக் குறைந்த கட்டணத்தை விட அதிகமாக இருக்கக்கூடாது என்று உடன்படிக்கையின் அட்டவணை சொல்கிறது. பிரித்தானியா கொடுப்பது நீல அட்டை, மேல் மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். நம் ஆட்கள் இதை "அகதிப் பாஸ்போர்ட்" என்பார்கள்.

நாடற்றவருக்கு வேறு புத்தகம், சிவப்பு அட்டை. அது 1954-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் வருகிறது. அதில் கையெழுத்திட்ட நாடுகள் குறைவு என்பதால், அதைப் பார்த்துப் பழகிய அதிகாரிகளும் குறைவு. அகதியாகவும் இல்லாமல், நாடற்றவராகவும் இல்லாமல், மனிதாபிமான அடிப்படையில் மட்டும் அனுமதி பெற்றவருக்குக் கறுப்பு அட்டை போட்ட பயணச் சான்றிதழ். கஷ்டமானது இந்த மூன்றாவதுதான். அதைக் கேட்பவர், தன் நாட்டுத் தூதரகம் தனக்குக் கடவுச்சீட்டு தர நியாயமின்றி மறுத்துவிட்டது என்று பொதுவாகக் காட்ட வேண்டும். தன் நாட்டு அரசையே பார்த்துப் பயப்படுகிறார் என்று பாதுகாப்பு முடிவிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே யாராவது என்னிடம் "எனக்கு எந்தப் புத்தகம்?" என்று கேட்டால், முதலில் நான் கேட்பது அவருக்கு வந்த முடிவுக் கடிதத்தைத்தான். கடிதத்தில் அகதி நிலை என்று இருக்கிறதா, வேறு ஏதாவதா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தம்பிக்கு நீலப் புத்தகம்தான். விண்ணப்பம் இணையத்தில். நிரப்புவது சுலபம், சிக்கல் பெயரில். தஞ்சக் கோரிக்கையின் முதல் நேர்காணலில் யாரோ எழுதிய எழுத்துக்கூட்டல்தான் அவருடைய எல்லாப் பதிவிலும் தொடர்ந்து வந்திருந்தது. அப்பாவின் பெயர் அவருக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது, அதிலும் ஓர் எழுத்து குறைவு. பிறப்புச் சான்றிதழில் இருப்பது சரியான வடிவம். அவர் விண்ணப்பத்தில் சரியான வடிவத்தைப் போடப் பார்த்தார். நான் நிறுத்தினேன். புத்தகத்தின் பெயரும் குடிவரவுப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்துவதென்றால் முதலில் குடிவரவுப் பதிவைத் திருத்த வேண்டும், அது தனி வேலை, நேரமும் பிடிக்கும். அம்மாவின் வயதை யோசித்து, தவறான எழுத்துக்கூட்டலோடே போவது என்று முடிவெடுத்தோம். ஆனால் அதன் பிறகு டிக்கெட், விசா, எல்லாவற்றிலும் அதே தவறான எழுத்து. ஓரிடத்தில்கூடச் சரியாக எழுதிவிடக்கூடாது.

புத்தகம் நாலு மாதத்தில் வந்தது. நிரந்தர வதிவிடம் இருப்பதால் பத்து வருடச் செல்லுபடி. வந்த அன்றே மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று பிறந்த திகதி. இன்னொன்று, எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்ற வரி: இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் என்று அச்சாகியிருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள். இரண்டாம் வரியில் ஆவண எண்ணுக்கும் சரிபார்ப்பு இலக்கத்துக்கும் பிறகு வரும் மூன்று எழுத்துகள்தான் நாட்டுரிமை. அங்கே `LKA` என்றோ `GBR` என்றோ இராது. `XXB` என்று இருக்கும். 1951 உடன்படிக்கையின் கீழ் வரும் அகதிக்கு உலக விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த குறி அது. நாடற்றவருக்கு `XXA`. இந்த மூன்று எழுத்தை மனப்பாடம் செய்யச் சொன்னேன், ஏன் என்று பிறகு அவருக்கே புரிந்தது.

அடுத்தது இந்திய விசா. இங்கேதான் எனக்கு எப்போதும் மனம் வலிக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மாவுக்கு இந்திய ஈ-விசா சில நாட்களில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. மகனுக்கு அந்த வழியே இல்லை. பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் ஈ-விசா எடுக்க முடியாது, தூதரகத்தில் வழக்கமான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று இந்திய ஈ-விசா தளத்தின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. இதைப் படிக்காமல் பணம் கட்டி, நாட்டுரிமை என்ற இடத்தில் பிரித்தானியா என்று தெரிவு செய்து ஈ-விசா வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினி கொடுத்துவிடும். கவுண்டரில் புத்தகத்தைத் திறந்தவுடன் அது செல்லாது.

வழக்கமான விண்ணப்பத்தில் முன்னைய நாட்டுரிமை, பெற்றோரின் நாட்டுரிமை, பிறந்த இடம், வேறு கடவுச்சீட்டோ அடையாளச் சான்றிதழோ இருக்கிறதா என்பதெல்லாம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி. பிறந்த இடம் யாழ்ப்பாணம், முன்பு இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தது, இப்போது இல்லை. முன்பு வைத்திருந்ததை மறைத்தால், பிறகு கேட்கும்போது பதில் சொல்ல முடியாது. அதோடு ஒரு பக்கக் கடிதம் இணைத்தோம்: ஏன் போகிறார், யாரைப் பார்க்கிறார், எங்கே தங்குகிறார், லண்டனில் வேலையும் வீடும் என்ன. கூடவே வதிவிட உரிமைக்கான சான்று.

இந்தக் கடிதம் ஏன் முக்கியம் என்றால், புத்தகத்தைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் உள்ளே இருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இவர் இங்கே தங்கிவிட்டால் யார் திரும்ப எடுப்பார்கள்? சாதாரணக் கடவுச்சீட்டில் பதில் வெளிப்படை, அவருடைய நாடு எடுக்கும். அகதிப் புத்தகத்தில் பதில் உடன்படிக்கை அட்டவணையின் 13-ஆம் பந்தியில் இருக்கிறது: ஆவணம் செல்லுபடியாகும் காலம் முழுக்க, அதை வழங்கிய நாடு அவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் அந்தப் பந்தியைக் காட்டி வாதாட முடியாது. லண்டனில் அவருக்கு நிலையான வாழ்க்கை இருக்கிறது என்பதைக் காகிதங்களால் காட்ட வேண்டியிருக்கிறது. தம்பிக்கு ஒன்பது வாரம் எடுத்தது. நடுவில் இரண்டு முறை கூடுதல் ஆவணம் கேட்டார்கள். விசா கையில் வருமுன் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், நல்லவேளை கேட்டார்.

டிக்கெட் வாங்கும் நேரம் வந்தது. ஒரு மாலை தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணை, திருச்சிக்கே நேராக இறங்குகிற மாதிரி நல்ல மலிவாக ஒன்று கிடைத்திருக்கு." எந்த வழி என்று கேட்டேன். கொழும்பு வழி.

அகதி ஆவணத்தோடு போகிற நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி எனக்குத் தெரியாது. லண்டனிலிருந்து கொழும்பு, அங்கிருந்து சென்னை அல்லது திருச்சி என்பது வழக்கமான தடம், விலையும் நேரமும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் புத்தகத்தில் இலங்கை தவிர என்று அச்சாகியிருக்கிறது. மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் மட்டும்தானே இருப்பேன் என்று நினைப்பார்கள். விமானம் தாமதமானால், தொடர் விமானம் தவறினால், அந்த இரவு எங்கே? எந்த நாட்டை அஞ்சி ஓடினாரோ அதே நாட்டு அதிகாரியின் கையில். பிறகு லண்டனிலும் விளக்கம் சொல்ல வேண்டும். மலிவு டிக்கெட்டை விட்டுவிட்டு லண்டனிலிருந்து சென்னைக்கு நேராகப் பறக்கும் விமானத்தில் போட்டோம். வளைகுடா வழியையும் தவிர்த்தோம். அங்கே இறங்கியதும் விசா தரும் பட்டியல் கடவுச்சீட்டின் நாட்டைப் பார்த்து வைத்திருப்பது. அதற்குள் `XXB` வராது, இரவு தங்க நேர்ந்தால் வெளியே விடமாட்டார்கள்.

டிக்கெட்டோடு பயணியின் விவரத்தை இணையத்தில் நிரப்பும் பக்கத்தில் நாட்டுரிமைப் பட்டியல் ஒன்று வரும். இலங்கை இருக்கிறது, பிரித்தானியா இருக்கிறது, அகதி என்று எதுவுமில்லை. இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் தவறு. தம்பியை அந்தப் பக்கத்தை நிரப்பாமல் விட்டு, மூன்றரை மணி நேரம் முன்னதாகக் கவுண்டருக்குப் போகச் சொன்னேன். அங்கே நின்ற பிள்ளை இப்படி ஒரு புத்தகத்தை முதல் தடவை பார்க்கிறாள் போலிருந்தது. விமானக் கம்பனிகள் பயண ஆவண விதிகளைப் பார்க்கும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் அவள் நாட்டுரிமையாகப் பிரித்தானியாவைப் போட்டுப் பார்த்தாள், விசா வகை பொருந்தவில்லை என்றது. தம்பி பணிவாக இரண்டாம் வரியைக் காட்டினார். "இந்த மூன்று எழுத்துதான் நாட்டுரிமை, இதையே போடுங்கள்." மேலதிகாரி வந்தார், `XXB` போட்டார்கள், விடை வந்தது. இருபத்தைந்து நிமிடம்.

அவர்கள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் பல நாடுகள் விமானக் கம்பனிக்குத் தண்டம் விதிக்கின்றன. பிரித்தானியாவில் அது ஒரு பயணிக்கு 2,000 பவுண்ட். சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் கவுண்டரில் நிற்பவருக்குப் பாதுகாப்பு.

போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் இது கூர்மையாகும், அதற்கான வேலையை லண்டனிலேயே செய்து வைத்தோம். முன்பு வதிவிட உரிமையை நிரூபிக்க ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. 2024 முடிவோடு அது போய்விட்டது, இப்போது எல்லாம் இணையக் கணக்கில். அந்தக் கணக்கில் நீலப் புத்தகத்தின் எண்ணைச் சேர்க்க வேண்டும். தம்பியின் கணக்கில் பழைய அட்டையின் எண் மட்டுமே இருந்தது. புதுப் புத்தகம் வந்தால் கணக்கு தானாக அறிந்துகொள்ளும் என்று நினைத்திருந்தார். நாங்கள் எண்ணைச் சேர்த்து, அது பதிவானதை உறுதிப்படுத்தி, பகிர்வுக் குறியீடு ஒன்றையும் எடுத்து அச்சடித்தோம். அந்தக் குறியீடு 90 நாட்களுக்குச் செல்லும், ஆகவே நீண்ட பயணமென்றால் தேதியைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். சென்னையில் திரும்பி ஏறும்போது, "யு.கே. விசா எங்கே?" என்று கேட்டார்கள். புத்தகத்தில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அச்சடித்த தாளைக் கொடுத்தார், அவர்கள் இணையத்தில் சரிபார்த்தார்கள், நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தாளில்லாமல் கைபேசியின் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டு நின்றவர்கள் விமானத்தைத் தவறவிட்டதை நான் அறிவேன்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். புத்தகம் தொலைந்தால் சென்னையில் உள்ள பிரித்தானியத் துணைத் தூதரகம் ஒரு பிரித்தானியக் குடிமகனுக்குச் செய்வதை அவருக்குச் செய்யக் கடமைப்பட்டதில்லை. அட்டவணையின் 16-ஆம் பந்தி, ஆவணம் கொடுப்பது தூதரகப் பாதுகாப்பைக் கோரும் உரிமையைத் தராது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் புத்தகம் எப்போதும் இடுப்புப் பையில், படப் பக்கத்தின் பிரதி அக்காவிடமும் என்னிடமும். திருச்சியில் விடுதியில் தங்கினார். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அதை அதிகாரிகளுக்குப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், அங்கேயும் நாட்டுரிமைக்கு என்ன போடுவது என்று பேசிப் பேசித்தான் முடிந்தது.

அம்மாவைப் பார்த்தார். பதினெட்டு நாள் ஒன்றாக இருந்தார்கள். அதைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை.

ஆனால் பெரியக்காவைப் பற்றி எழுத வேண்டும். அவர் ஒரு மாலை அந்த நீலப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கும் தருவார்களாடா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்.

தரமாட்டார்கள். இந்தியா 1951, 1954 என இரண்டு உடன்படிக்கைகளிலும் சேரவில்லை, அதனால் 28-ஆம் பிரிவு அங்கே கிடையாது. திபெத்தியருக்கு அடையாளச் சான்றிதழ் என்ற பயணப் புத்தகத்தை இந்தியா கொடுக்கிறது, முகாம் தமிழருக்கு அப்படி ஒன்று இல்லை. 2025-இல் வந்த குடிவரவு விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை இல்லை என்கிறது. இருப்பதற்கு அது போதும். எல்லை தாண்டிப் போய் வருவதற்கு அதில் எதுவுமில்லை.

அக்காவின் மகள் 1994-இல் முகாமில் பிறந்தவள். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால் இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அந்த அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் போய், 2022-இல் கிடைத்த உத்தரவால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். அந்த 1987 எல்லைக்கு ஏழு வருடம் பிந்திப் பிறந்த அக்காவின் மகளுக்கு அந்தக் கதவு இல்லை. அவளுக்கு உள்ள வழி வேறு: வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை எடுப்பது. அதற்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழும், பெற்றோர் இலங்கையர் என்பதற்கான பத்திரமும் வேண்டும். பதிவு முடிந்தால்தான் கடவுச்சீட்டைப் பற்றிப் பேசலாம். அதுவும் இல்லாதவரை, காகிதத்தில் அவள் எந்த நாட்டவளும் அல்ல.

அக்காவின் பழைய பிறப்புச் சான்றிதழ் படகில் வரும்போது போய்விட்டது. அம்மா ஊருக்குத் திரும்பியதும் கச்சேரியில் அதன் பிரதிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வந்தால் தபாலில் அனுப்பாமல் யாராவது கையில் கொடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.